களத்துக்குக் கிழக்கே ஐம்பது அடி

குரங்கணிக்கு மேலே, நடந்து ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் வரும் சரிவில், அமாவாசை என்பவருக்குப் பன்னிரண்டு ஏக்கர் இருந்தது. காப்பியும் மிளகும், ஓடையோரம் கொஞ்சம் ஏலமும். 1961-ல் மூத்த மகளின் கல்யாணத்துக்காக அதில் கீழ்ப்பக்கத்து எட்டு ஏக்கரை ராசிங்காபுரத்துக் காசிமாயனுக்கு எழுதிக் கொடுத்தார். மேலே இருந்த நாலு ஏக்கரை வைத்துக்கொண்டார். பின்னால் அதை இளைய மகள் அய்யம்மாள் பேருக்குச் செட்டில்மெண்ட் செய்தார்.

விற்ற அன்றைக்கு மேல்தோட்டத்திலிருந்து இறங்க ஒரே பாதைதான். அது விற்ற எட்டு ஏக்கருக்குள்ளே வளைந்து வளைந்து குரங்கணி ரோட்டில் போய்ச் சேரும். அதைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வார்த்தை இல்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மேலே தோட்டத்தை வைத்திருக்கிறவன் கீழே இறங்காமல் எப்படி இருப்பான்?

1968-ல் காட்டுமாடு இறங்கி ஏலத்தை மிதிக்கிறது என்று காசிமாயன் பாதையின் அடிவாரத்தில் ஒரு படல் கதவு வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் காப்பிப் பறிப்புத் தொடங்கும்போது அய்யம்மாள் ராசிங்காபுரம் போவாள்.

"சித்தப்பா, சுமை இறக்கணும். சாவி கொடுக்குறீகளா?"

"கொண்டு போ ஆத்தா. பறிப்பு முடிஞ்சதும் கொண்டாந்து கொடு."

பறிப்பு முடிந்ததும் சாவியையும் ஒரு படி காப்பிக்கொட்டையையும் கொண்டுபோய்க் கொடுப்பாள். காசிமாயன் 1980-ல் செத்துப்போனார். மதுரையில் வேலை பார்த்த அவருடைய மகன்கள் இரண்டு வருஷம் கழித்துத் தோட்டத்தைப் போடி ஏலக்காய் வியாபாரி ஹபீப் ரஹ்மானுக்கு விற்றார்கள்.

ஹபீப் ரஹ்மான் கெட்டவர் இல்லை. முதல் வருஷம் கேட்டைத் திறந்தே விட்டிருந்தார். இரண்டாவது வருஷம் அவருடைய தோட்டத்தில் மூன்று தடவை பச்சை ஏலக்காய் களவு போனது. யார் எடுத்தது என்று தெரியவில்லை. ஆனால் பாதையில் நடக்கிறவர்கள் அய்யம்மாளின் பறிப்பு ஆட்களும் பொதிக்குதிரைக்காரர்களும்தான். 1983 மார்கழியில் படல் இருந்த இடத்தில் இரும்புக் கேட்டு வந்தது. புதுப் பூட்டு.

அய்யம்மாளின் புருஷன் சோணை போடியில் பாயின் கடைக்குப் போய்க் கேட்டான்.

"உங்களுக்குத்தான் மேல ரோடு இருக்கே," என்றார் ஹபீப் ரஹ்மான். "ஒன்றியத்துல போட்டுக் கொடுத்துருக்காங்கள்ல?"

ரோடு இருந்தது உண்மை. 1976-ல் மலைமேட்டில் ஒன்றியத்து மண் ரோடு ஒன்று போட்டார்கள். அய்யம்மாளின் தோட்டத்து மேல் மூலையைத் தொட்டுக்கொண்டு போகிறது. அதில் சுற்றிக் குரங்கணி வர பதினோரு மைல். மழை பெய்தால் ஜீப்பு ஏறாது. கீழ்ப்பாதையில் மூன்று மைல்.

"பதினோரு மைலு பாய்."

"மைலு இருந்தாலும் ரோடு ரோடுதானே," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவர்கள் போய்ப் பார்த்த வக்கீல் சந்திரவல்லிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. முன்சீப் கோர்ட்டில் வழக்கு நடத்திய ஒரே பெண் வக்கீல். அய்யம்மாள் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு, சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் 1961 பத்திரத்துக்கு நகல் போட்டு வாங்கினார். பிறகு நிலைமையைச் சொன்னார்.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அவசியத்தால வர்ற பாத்தியம். உங்க அப்பா வித்தப்ப வேற வழியே இல்ல. அதனால பத்திரத்துல எழுதாட்டியும் சட்டமே அந்தப் பாதையை உங்க தோட்டத்துக்குக் கொடுத்துருச்சு. ஆனா அந்த அவசியம் தீர்ந்த அன்னைக்கே அந்தப் பாத்தியமும் தீர்ந்துபோகும். மேல ரோடு வந்துருச்சேன்னு அவுக சொல்லுவாக."

"பதினோரு மைலு சுத்தணுமே வக்கீலம்மா."

"சிரமம் வேற, அவசியம் வேற. கஷ்டமான வழி ஒண்ணு இருந்தாலும் வழி இருக்குன்னுதான் கோர்ட்டுல எடுத்துக்கிடுவாக. அதனால ரெண்டாவதைத்தான் நம்பணும். இருபது வருஷத்துக்கு மேல வெளிப்படையா, தடையில்லாம, யார் சம்மதமும் கேக்காம, நம்ம உரிமைன்னு நடந்துருந்தா அதுவே பாத்தியமாயிரும். உங்களுக்கு அறுபத்தொண்ணுல இருந்து இருபத்திரண்டு வருஷம் ஆகுது. பூட்டி ரெண்டு வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும். போட்டுருவோம்."

சம்மதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அய்யம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சோணை அவள் முழங்கையைத் தொட்டான். அவள் நிறுத்திக்கொண்டாள்.

1984 தையில் வழக்குத் தாக்கலானது. இடைக்கால உத்தரவு கிடைக்கவில்லை. இரண்டு பறிப்புக்கும் மூட்டைகள் மேல் ரோட்டில்தான் போயின. ஒரு தடவை ஜீப்பு சேற்றில் இறங்கி, ஆறு மூட்டை காப்பி ராத்திரி முழுக்க மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்தது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு சோணைக்கு இந்த வழக்கில் தோற்கக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

சாட்சி சொல்லும் நாளுக்கு முந்தின சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அவன் மெதுவாகப் பேசினான்.

"சாவி சமாச்சாரத்தை யாரு கண்டா? காசிமாயன் மாமா இல்ல. பயலுக மதுரையில இருந்தவனுக, அவனுகளுக்கு ஒண்ணும் தெரியாது. நீயும் நானுந்தான். கேக்காமத்தான் போனோம்னு சொல்லிரு. ஒரு வார்த்தைதான்."

அவள் அடுப்புத் தணலைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

மறுநாள் கோர்ட்டில் முதல் விசாரணை ஒழுங்காகப் போனது. குறுக்கு விசாரணைக்கு எழுந்த எதிர்த்தரப்பு வக்கீல் வயசானவர். அரை மணி நேரம் ரோட்டைப் பற்றியே கேட்டார். உட்காரப் போகும்போது, ஏதோ யோசனை வந்தவர் மாதிரித் திரும்பினார்.

"காசிமாயன் காலத்துல அங்க படல் கேட்டு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"பூட்டு?"

"இருந்துச்சு."

"அப்ப எப்படிப் போனீக? பூட்டை உடைச்சா?"

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். சந்திரவல்லி பேனாவை மேசையில் வைத்துவிட்டு அய்யம்மாளைப் பார்த்தார். இந்தப் பூட்டைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"சாவி வாங்கிட்டுப் போனேன்," என்றாள் அய்யம்மாள்.

"யாருகிட்ட?"

"காசிமாயன் சித்தப்பாகிட்ட. வருஷா வருஷம் போயிக் கேப்பேன். கொடுப்பாரு. முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துருவேன்."

"எந்த வருஷத்துல இருந்து?"

"அறுபத்தெட்டுல இருந்து."

வக்கீல் முன்சீப்பைப் பார்த்து, இது அப்படியே பதிவாக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் சந்திரவல்லி கோபப்பட்டார். பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. முன்னாலேயே தன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றார். "கேட்டுப் போறது உரிமை இல்லம்மா. அது அனுமதி. அனுமதி எத்தனை வருஷம் ஓடுனாலும் பாத்தியமா மாறாது. கொடுத்தவர் நிலத்தை வித்துட்டா, வாங்குனவரை அது கட்டவும் கட்டாது."

பஸ்சில் சோணை தனி சீட்டில் உட்கார்ந்தான். போடியில் இறங்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"அவரு ஒருநாளும் இல்லைன்னு சொன்னதில்ல," என்றாள் அவள். "பன்னெண்டு வருஷம் இன்முகமா எடுத்துக் கொடுத்தாரு. கேக்காமத்தான் போனேன்னு அவரு செத்தப்புறம் சொன்னா, அவரு கொடுத்தது எதுவுமே இல்லைன்னு ஆயிருதுல்ல."

சோணைக்கு அது காரணமாகப் படவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாசம் அவளோடு சோலிப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை.

1986 ஆவணியில் தீர்ப்பு வந்தது. வழக்குத் தள்ளுபடி. மேல் ரோடு வந்தபோதே அவசியப் பாத்தியம் முடிந்துவிட்டது. அனுமதியின் பேரில் நடந்ததால் அனுபவப் பாத்தியம் உண்டாகவில்லை. எதிர்பார்த்ததுதான். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் வாதியின் வாயாலேயே வந்ததை மேல்கோர்ட்டு மட்டும் எப்படித் தாண்டும் என்றார் சந்திரவல்லி. அய்யம்மாள் வழக்குக் காகிதக் கட்டைத் திருப்பிக் கேட்டாள். இரண்டு மாசம் கழித்துக் கோர்ட்டில் மனுப் போட்டு ஆவணங்களை வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு மாசத்துக்குள் கீழ்த்தோட்டத்தில் வேலை தொடங்கியிருந்தது. ஹபீப் ரஹ்மான் ஏலக்காய் உலர்த்த ஒரு ஸ்டோர் கட்டப் போகிறார் என்றார்கள். உள்ளே அடுப்பு, இரும்புக் குழாய், மேலே தட்டு தட்டாகக் காயப் போடும் அறை, இருபது அடி உயரம். மலையில் பச்சைக்காய் வாங்கி அங்கேயே உலர்த்தினால் அவருக்கு ஏற்றுக்கூலி பாதியாகும். அந்த எட்டு ஏக்கரில் சமமான இடம் ஒன்றே ஒன்றுதான். அது அய்யம்மாள் காப்பி காயப்போடும் களத்தை ஒட்டிக் கிழக்கே இருந்த பாறைத்திட்டு. கல் வந்து இறங்கியது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டக் கயிறு கட்டினார்கள்.

அன்றைக்கு அவள் கோர்ட்டுக் கட்டோடு பஸ்சில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், நிதானமாக. மூன்று வருஷமாகத் தன் பேரில் நடந்த வழக்கின் காகிதம் ஒன்றையும் அவள் படித்ததில்லை. மேலாக இருந்தது 1961 பத்திரத்து நகல். சர்வே நம்பர், நான்கு எல்லை, மாமரம் மூன்று, பலா ஒன்று. அதற்குக் கீழே ஒரு நீளமான வாக்கியம். அதை அவள் இரண்டு தடவை படித்தாள்.

'மேற்படி சொத்தில் எனக்குப் பாக்கியுள்ள மேல்தோட்டத்துக் காப்பிக் களத்துக்குக் கிழக்கே ஐம்பது அடிக்குள் தாங்களும் தங்களுக்குப் பின்னிட்டவர்களும் களத்தில் வெயில் மறைக்கும்படியான கட்டடம் கட்டவோ, உயர்ந்த மரம் வைக்கவோ கூடாது.'

அப்பா பாதையை மறந்திருக்கிறார். வெயிலை மறக்கவில்லை. அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்சில் திரும்பிப் போனாள்.

சந்திரவல்லி அந்த வரியைப் படித்துவிட்டு, நகலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார். அந்த நகலை அவரே சான்றாவணமாகத் தாக்கல் செய்திருந்தார். பாதைக்கு உதவும் வரியைத் தேடிப் படித்ததில், மற்றது கண்ணில் படவில்லை.

"இது பாயைக் கட்டுமா வக்கீலம்மா? அவரு கையெழுத்துப் போடலியே. காசிமாயன் சித்தப்பாதானே போட்டாரு."

"இது செய்யாதேங்குற கட்டுப்பாடு. உங்க அப்பா, கையில வச்சுக்கிட்ட தோட்டம் நல்லா இருக்கணும்னு எழுதி வாங்குனது. அப்புறம் கீழ்த்தோட்டத்தை யாரு வாங்குனாலும், தெரிஞ்சு வாங்குனா அவங்களையும் கட்டும். தெரியாம, விலை கொடுத்து வாங்குனவங்களைத்தான் கட்டாது."

"எனக்குத் தெரியாதுன்னு அவரு சொல்லிட்டா?"

"பதிவான பத்திரம்மா. படிக்காட்டியும் தெரிஞ்சதாத்தான் சட்டம் எடுத்துக்கிடும்." சந்திரவல்லி காகிதத்தை இழுத்து நோட்டீஸ் எழுதத் தொடங்கினார். "ஆனா வெரசா செய்யணும். சுவர் எழும்புறதைப் பார்த்துக்கிட்டு நீங்க சும்மா இருந்தா, சம்மதிச்சுட்டீகன்னு ஆயிரும். பெறகு இடிக்கச் சொல்ல முடியாது."

நோட்டீஸ் கிடைத்த அன்று ஹபீப் ரஹ்மான் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வீட்டில் இரும்புப் பெட்டியைத் திறந்தார். மூலப் பத்திரம் அதில்தான் இருந்தது. வாங்கும்போது வில்லங்கச் சான்று பதின்மூன்று வருஷத்துக்குத்தான் போட்டார். அதில் ஒன்றும் இல்லை. மூலப் பத்திரத்தில் எல்லையை மட்டும் சரிபார்த்துவிட்டு மடித்து வைத்தார். மனைவி கமர்நிசா விளக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அவர் அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார்.

"இது நம்ம பெட்டிக்குள்ளயே இருந்துச்சா?" என்று கேட்டாள் கமர்நிசா.

"நாலு வருஷமா."

அவருடைய வக்கீல் வாதாடிப் பார்க்கலாம் என்றார். ஆனால் தடையுத்தரவு வாங்கிவிடுவார்கள், வழக்கு முடிய நாலைந்து வருஷம் ஆகும், அதுவரை கல் கிடந்த இடத்திலேயே கிடக்கும் என்றும் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஹபீப் ரஹ்மான் குரங்கணி வரை ஜீப்பில் வந்தார். தன் கேட்டைத் தானே திறந்துகொண்டு பாதையில் ஏறினார். கனத்த உடம்பு. மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினார். களத்துக்கு வந்தபோது அய்யம்மாள் காப்பிப் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். சோணை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"இப்படித்தான் நீங்க சுமந்துக்கிட்டு நடந்தீகளா?" என்று கேட்டார் மூச்சு வாங்க.

"இறங்குறப்பத்தான் சுமை பாய். ஏறுறப்ப வெறுங்கை," என்றான் சோணை.

அவர் களத்தையும் பாறைத்திட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் களத்து ஓரக் கல்லில் வைத்தார்.

"அய்யம்மா, கோர்ட்டுல நீ சொன்னதை நான் பின்பெஞ்சுல உக்காந்து கேட்டேன். நீ மாத்திச் சொல்லிருந்தா எனக்கு அந்தப் பாதை போயிருக்கும்னு வக்கீலு அன்னைக்கே சொன்னாரு. காசிமாயன் கொடுத்த மாதிரி நானும் கொடுக்குறேன். வச்சுக்க. நான் ஸ்டோர் கட்டிக்கிறேன்."

சோணையின் கை சாவிப் பக்கம் போனது. அய்யம்மாள் கிளறும் கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"சாவி வேண்டாம் பாய்."

"ஏன்?"

"நீங்க கொடுப்பீக. உங்களுக்கு அப்புறம் இந்தத் தோட்டம் யாரு கைக்குப் போகும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சாவி வாங்குனா மறுபடியும் கேட்டுக்கிட்டுத்தான் நடக்கணும். பாதையைப் பத்திரத்துல எழுதிக் கொடுங்க. என் தோட்டத்துக்குன்னு எழுதுங்க, எனக்குன்னு வேண்டாம்."

"எழுதிக் கொடுத்தா?"

"வெயிலை நான் விட்டுக் கொடுக்குறேன். முழுக்க இல்ல."

ஹபீப் ரஹ்மான் சிரித்தார். வியாபாரம் என்று வந்ததும் அவருடைய முகம் லேசானது. அன்றைக்கு மத்தியானம் வரை மூவரும் கயிறு பிடித்து அளந்தார்கள். அவருக்குக் களத்திலிருந்து பத்தடி விட்டு, இருபதடி உயரத்துக்குக் கட்ட வேண்டும். அவளுக்கு முப்பதடி விட்டு, பன்னிரண்டடிதான். சோணை மூங்கிலை நட்டுவைத்து நிழல் எங்கே விழும் என்று காட்டினான். இருபத்தைந்தடி விட்டு, பதினைந்தடி உயரம் என்று முடிந்தது. ஸ்டோரை அகலமாக்கி உயரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும் என்றார் அவர். பாதையில் ஜீப்பு விட மாட்டேன் என்றும் சொன்னார்.

"ஆளும் குதிரையும் போனாப் போதும் பாய்."

"ராத்திரியில பூட்டிக்கிருவேன். களவு பயம் இருக்கு."

"விடிஞ்சா திறந்துரணும்."

"திறந்துருவேன்."

போடியில் பத்திர எழுத்தர் ராமர் இரண்டு பத்திரம் எழுதினார். ஒன்று, ஹபீப் ரஹ்மான் மேல்தோட்டத்துக்கு ஆறடி அகலத்தில் வழிநடைப் பாத்தியம் கொடுத்தது. தலைச்சுமைக்கும் பொதிக்குதிரைக்கும், காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஏழு வரை. மற்றது, அய்யம்மாள் 1961 கட்டுப்பாட்டில் ஒரு பகுதியை விடுதலை செய்து கொடுத்தது. இரண்டும் ஒரே நாளில், அடுத்தடுத்த நம்பரில் பதிவாயின. சந்திரவல்லி ஒவ்வொரு வரியையும் தானே படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடவிட்டார்.

ஸ்டோர் 1987-ல் எழும்பியது. அதிலிருந்து களத்துக்குக் காலை வெயில் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது. காப்பி காய இரண்டு நாள் கூடுதலாகப் பிடித்தது. அதைச் சோணை ஒவ்வொரு பறிப்பிலும் சொல்லிக் காட்டினான். ஆனால் முதல் மூட்டை கீழ்ப்பாதையில் இறங்கின அன்றைக்குக் குதிரைக்கு முன்னால் நடந்து போனது அவன்தான். கேட்டில் நின்ற காவல்காரர் எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "எங்க பாதையில," என்றான்.

1989-ல் ஹபீப் ரஹ்மான் மேல்தோட்டத்தையும் விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பினார். நல்ல விலை. சோணைக்கு அப்போது முட்டி வலி தொடங்கியிருந்தது. விற்றுவிடலாம் என்றுதான் அவன் நினைத்தான். அய்யம்மாள் சந்திரவல்லியிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ரெண்டு தோட்டமும் பாய் கைக்குப் போயிட்டா, நாம எழுதி வாங்குன பாதை என்னாகும்?"

"இல்லாமப் போயிரும். தன் நிலத்து மேல தனக்கே யாரும் பாத்தியம் வச்சுக்க முடியாது. ரெண்டும் ஒரு ஆளுக்குச் சொந்தமாயிட்டா அதோட அத்துப்போகும்."

"பின்னால அவரு மேல மட்டும் வேற ஒருத்தருக்கு வித்தா?"

"பாதை தன்னால வந்துரும்னு இருந்துறக்கூடாது. வாங்குறவங்க அந்தப் பத்திரத்துலயே புதுசா எழுதி வாங்கிக்கிடணும்."

"எழுதாம விட்டா அவுகளும் சாவி கேட்டுக்கிட்டுத்தான் நடக்கணும்," என்று அய்யம்மாள் தலையாட்டிக்கொண்டாள். தோட்டத்தை விற்பதில்லை என்று பாய்க்குச் சொல்லி அனுப்பினாள். காரணம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அந்த வருஷம் மழை நன்றாக இருந்தது. ஐப்பசியிலேயே பறிப்பு தொடங்கிவிட்டது. பொதிக்குதிரைக்காரர் பொன்னுமணியின் குதிரைகள் நாலும் போதாமல் குரங்கணியிலிருந்து இன்னும் இரண்டு பிடித்து வரச் சொன்னாள்.